சொந்த வீட்டில் மகனுக்குப் பயந்து வாழும் பெற்றோருக்குச் சட்டம் தரும் வழி

நாளிதழ்களின் உள்பக்கத்தில் 'பொது அறிவிப்பு' என்ற தலைப்போடு சின்னதாக ஒரு கட்டம் அடிக்கடி வரும். இன்ன முகவரியில் குடியிருக்கும் எங்கள் மகன் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை, இனி அவனுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் பெயரோடு போட்டிருப்பார்கள். இதைப் போட்டுவிட்டால் மகனுக்கும் வீட்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். ஆனால் அறிவிப்பு வந்த அன்று இரவும் மகன் அதே வீட்டுக்குத்தான் வருகிறான், அதே அறையில்தான் படுக்கிறான். அந்த அறிவிப்பைக் காட்டி அவனை வெளியே அனுப்ப எந்தப் போலீசாலும் முடியாது.

முடிகிற வழி ஒன்று இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. பிள்ளைகளிடம் மாதாமாதம் செலவுக்குப் பணம் வாங்கித் தரும் சட்டம் என்றுதான் இதைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். அடிக்கும், மிரட்டும் மகனைப் பெற்றோரின் சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றவும் இந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு பெறலாம். ஆனால் எல்லா மனுக்களும் ஜெயிப்பதில்லை. எது ஜெயிக்கிறது, எது தோற்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், வயதான காலத்தில் வருடக்கணக்கில் அலைவதைத் தவிர்க்கலாம்.

சுயசம்பாத்தியம் என்றால் என்ன?

இந்த விஷயத்தில் பெற்றோரின் முதல் பலம், வீடு அவர்களுடைய சுயசம்பாத்தியமாக இருப்பது. சம்பளத்தில் சேர்த்தோ, பி.எஃப். பணத்தை எடுத்தோ, வங்கிக் கடன் வாங்கியோ அப்பா தன் பெயரில் வாங்கிய மனை, கட்டிய வீடு அவருடைய தனிச் சொத்து. அவர் உயிரோடு இருக்கும்வரை அதில் மகனுக்குப் பங்கு கிடையாது. அம்மாவின் பெயரில் உள்ள சொத்துக்கும் இதே நிலைதான்.

2016 நவம்பர் 24 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சிவில் வழக்கில் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னது. பெற்றோர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மகனுக்கு, அவன் கல்யாணம் ஆனவனாக இருந்தாலும் ஆகாதவனாக இருந்தாலும், குடியிருக்கச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. பெற்றோர் மனமிரங்கி அனுமதிக்கும்வரைதான் அவன் அங்கே இருக்கலாம். உறவு நன்றாக இருந்த நாளில் அவனை வீட்டில் வைத்திருந்தார்கள் என்பதற்காக, ஆயுள் முழுக்க அவனைச் சுமக்கும் கடமை அவர்களுக்கு வந்துவிடாது.

மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்காமல் வந்த பூர்வீகச் சொத்து என்றால் கதை வேறு. இந்துக் குடும்பங்களில் அதில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. இடைப்பட்ட நிலையிலும் வீடுகள் இருக்கின்றன. மனை தாத்தா காலத்துப் பூர்வீகமாக இருக்கும், மேலே எழும்பிய கட்டடம் அப்பாவின் சம்பாத்தியமாக இருக்கும். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் 'சொத்து' என்ற சொல்லுக்குள் பூர்வீகம், சுயசம்பாத்தியம் இரண்டையுமே சேர்த்திருக்கிறது. ஆகவே பூர்வீக வீடானாலும் பாதுகாப்பு கேட்டு மனு கொடுக்கலாம். ஆனால் "எனக்கும் பங்கு இருக்கிறது" என்று மகன் எழுந்து நின்றதும் விசாரணை சொத்துத் தகராறாகத் திசைமாறும். சுயசம்பாத்திய வீட்டில் அந்த வாதத்துக்கு இடம் மிகக் குறைவு.

சட்டத்தில் இல்லாத சொல்

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பராமரிப்புப் பிரிவுகளை எத்தனை முறை புரட்டினாலும், பிள்ளையை வீட்டிலிருந்து வெளியேற்றத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று நேரடியாக எழுதிய வரி கிடைக்காது. அந்த அதிகாரம் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாக வந்தது. அதனால்தான் அதற்கு எல்லைகளும் உண்டு.

தீர்ப்புகள் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். பராமரிப்பு என்பதற்குச் சட்டம் சொல்லும் பொருளில் உணவு, உடை, மருத்துவத்தோடு இருப்பிடமும் சேர்ந்திருக்கிறது. முதியோரின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தரும் செயல்திட்டத்தை மாநில அரசு வகுக்க வேண்டும் என்று பிரிவு 22 சொல்கிறது. அடி வாங்கிக்கொண்டே ஒரு வீட்டில் இருப்பதை இருப்பிடம் என்று சொல்ல முடியுமா? அடிக்கிறவன் உள்ளே இருக்கும்வரை பாதுகாப்பு எங்கே வரும்? டெல்லி அரசு 2016 டிசம்பரில் தன் விதிகளைத் திருத்தி, கொடுமைப்படுத்தும் பிள்ளைகளைச் சுயசம்பாத்திய வீட்டிலிருந்து வெளியேற்ற மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கலாம் என்று வழி வகுத்தது. சொத்துரிமையையும் புகாரின் உண்மையையும் சரிபார்த்து 21 நாளில் அறிக்கை, உத்தரவுக்குப் பின் காலி செய்ய 30 நாள், செய்யாவிட்டால் போலீஸ் உதவியோடு அமலாக்கம் என்று படிப்படியாக அதில் எழுதியிருக்கிறது. 2017 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், கொடுமைப்படுத்தும் பிள்ளைகளை வெளியேற்றத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

நாடு முழுவதற்குமான பதில் 2020 டிசம்பர் 15 அன்று வந்தது. பெங்களூரு வழக்கு ஒன்றில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, மூத்த குடிமக்களின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் அவசியமானால் வெளியேற்ற உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கலாம் என்று சொன்னது. 'அவசியமானால்' என்ற அந்த நிபந்தனையில்தான் எல்லா மனுக்களும் ஏறுகின்றன, அல்லது இறங்குகின்றன.

ஒரே ஆண்டு, ஒரே நீதிமன்றம், இரண்டு முடிவுகள்

2025-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாவது உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூரிலிருந்து வந்தது. பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு தந்தை, மூத்த மகன் தங்களைத் துன்புறுத்துவதாகவும், கடைகளோடு சேர்ந்த வீடு தன் சுயசம்பாத்தியம் என்றும் சொல்லி, மகனை வெளியேற்றக் கேட்டார். முதல் கட்டத்தில் தீர்ப்பாயம் மகனை முழுவதுமாக வெளியேற்றவில்லை. குளியலறையோடு கூடிய ஓர் அறையும், அவன் வியாபாரம் செய்யும் கடையும் போக, வீட்டின் மற்றப் பகுதியில் பெற்றோரின் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. மேல்முறையீட்டில் வெளியேற்றும் உத்தரவு வந்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே தந்தை இறந்துவிட, தாய் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்தார். 2025 மார்ச் 27 அன்று அவர் மனு தள்ளுபடியானது. காரணங்களைக் கவனியுங்கள். தந்தை அந்த வீட்டை ஏற்கெனவே மகள்களுக்கும் மருமகனுக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படியானால் தானே உரிமையாளர் என்று சொல்லி அவர் எப்படி வெளியேற்றம் கேட்க முடியும்? அதை எதிர்த்து மகன் போட்ட சிவில் வழக்கு நிலுவையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் உத்தரவு வந்த பிறகு மகன் மீண்டும் அவமானப்படுத்தினான், தொந்தரவு செய்தான் என்ற புகார் எதுவும் இல்லை. சின்ன உத்தரவே வேலை செய்திருக்கும்போது பெரிய உத்தரவு எதற்கு என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி.

இரண்டாவது மும்பையிலிருந்து வந்தது. 80 வயதுத் தந்தை, 78 வயதுத் தாய். மும்பையில் தந்தை வாங்கிய இரண்டு சொத்துகள். பெற்றோர் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் மூத்த மகன் அவற்றைக் கைப்பற்றிக்கொண்டு அவர்களை உள்ளே விடவில்லை. அவனோ நன்றாகத் தொழில் செய்துவந்தவன். வெளியேற வேண்டும், மாதம் 3,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. மகனுக்கும் 60 வயது ஆகிவிட்டது, அவரும் மூத்த குடிமகன்தான் என்று கூறி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, வெளியேற்றும் உத்தரவை மீட்டுக் கொடுத்தது. பெற்றோர் மனு கொடுத்த நாளில் மகனுக்கு 59 வயதுதான், அந்த நாள்தான் கணக்கு என்றது.

இரண்டு வழக்கிலும் தந்தை சொத்தைத் தன் சம்பாத்தியம் என்றுதான் சொன்னார். ஒன்றில் அவர் அதைக் கைமாற்றியிருந்தார், துன்புறுத்தல் ஓய்ந்திருந்தது. மற்றதில் சொத்து அவர் பெயரிலேயே இருந்தது, தன் வீட்டுக்குள் அவரால் காலெடுத்து வைக்க முடியவில்லை. பத்திரம் உங்களை வாசல்வரை கொண்டுபோகும். உள்ளே கொண்டுபோவது, வெளியேற்றினால்தான் பாதுகாப்பு என்று காட்டும் ஆதாரம்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்

தமிழ்நாட்டில் இது எப்படி நடக்கும் என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். இத்தகைய மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளைக் கொண்டு அமைத்தது இது.

தந்தை அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர், 71 வயது. தாய்க்கு 66. 1994-இல் மனை வாங்கி, கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கடனில் கட்டிய வீடு. மகனுக்கு 38 வயது, கல்யாணம் ஆகவில்லை. குடித்துவிட்டு வந்து பணம் கேட்பது, கொடுக்காவிட்டால் அடிப்பது, வீட்டை எழுதிக் கொடு என்று மிரட்டுவது. ஒருநாள் கைகலப்பில் தாயின் மணிக்கட்டு முறிகிறது.

இவர்கள் முதலில் போக வேண்டிய இடங்கள் அரசு மருத்துவமனையும் காவல் நிலையமும். மருத்துவமனையில் "மகன் தள்ளிவிட்டான்" என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதுவார்கள். பெரும்பாலான தாய்மார்கள் "வழுக்கி விழுந்துட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். ஆறு மாதம் கழித்து மனுவில் மகன் அடித்ததாக எழுதும்போது, அந்தப் பதிவேடே அவர்களுக்கு எதிராகப் பேசும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்குங்க" என்று அனுப்பினாலும், புகார் கொடுத்ததற்கான அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். இருவரில் யாருக்காவது எழுதப் படிக்கச் சிரமம் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழிகாட்டுவார்கள்.

அடுத்தது மனு. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர். சில கோட்டங்களில் அந்த நாற்காலியில் சார் ஆட்சியர் இருப்பார். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் மனு சுற்றிக்கொண்டு கோட்டாட்சியரிடம்தான் வரும், ஆகவே நேரே அங்கேயே கொடுப்பது நல்லது. தாய், தந்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெற்றோராக மனு கொடுக்க 60 வயது நிரம்பியிருக்க வேண்டியதில்லை. உடம்புக்கு முடியாதவர் தன் சார்பில் இன்னொருவரை எழுத்துமூலம் நியமிக்கலாம். வக்கீல் வைக்காமலே நடக்கும்படி அமைத்த நடைமுறை இது. பிரிவு 17 வக்கீல் ஆஜராவதையே அனுமதிப்பதில்லை. அதன் செல்லுபடி குறித்து உயர் நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருக்கின்றன. எப்படியானாலும் மனுவை எழுத ஒரு வக்கீலின் உதவியை வாங்கிக்கொள்வதில் தடையில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அந்த உதவி இலவசமாகவும் கிடைக்கும்.

மனுவோடு கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது, கடன் அடைத்த சான்று ஆகியவற்றை வைக்க வேண்டும். கடன் தவணை தந்தையின் சம்பளத்தில் பிடித்ததைக் காட்டும் ஒரு காகிதம் இருந்தால், "வீடு கட்ட நானும் பணம் கொடுத்தேன்" என்ற மகனின் வாதத்துக்கு அதுவே பதில்.

மனுவில் என்ன எழுதுவது?

"என் மகன் எங்களை மிகவும் கொடுமைப்படுத்துகிறான். எங்களால் நிம்மதியாக வாழ முடியவில்லை. எனவே அவனை வெளியேற்றித் தருமாறு வேண்டுகிறோம்." பெரும்பாலான மனுக்கள் இப்படித்தான் இருக்கின்றன. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விசாரிக்கும் அதிகாரிக்குப் பிடித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுத வேண்டும். இன்ன தேதி இரவு பத்து மணிக்கு ஓய்வூதியப் பணத்தைக் கேட்டு அப்பாவின் கழுத்தைப் பிடித்தான், மறுநாள் இன்ன நிலையத்தில் புகார் கொடுத்தோம், ரசீது எண் இது. இன்ன தேதி அம்மாவின் கை முறிந்தது, மருத்துவமனைச் சீட்டு இணைப்பு 4. அன்று சத்தம் கேட்டு ஓடிவந்த அடுத்த வீட்டுக்காரர் இன்னார், அவர் சாட்சி சொல்லத் தயார். இப்படி நான்கைந்து சம்பவம் போதும்.

கேட்பதையும் தெளிவாகக் கேட்க வேண்டும். மகன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், மீண்டும் வீட்டுக்குள் நுழையவோ தொந்தரவு செய்யவோ கூடாது, உத்தரவை நிறைவேற்றக் காவல் துறைக்கு அறிவுறுத்த வேண்டும் என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். காலி செய்ய மட்டும் உத்தரவு வாங்கியவர்கள், பத்தாம் நாள் மகன் பெட்டியோடு திரும்பி வந்து நிற்கும்போது தடுமாறிப்போகிறார்கள்.

ஓய்வூதியம் வாங்கும் பெற்றோருக்கு இன்னொரு எச்சரிக்கை. பிரிவு 4-இன்படி பராமரிப்பு கேட்கத் தன் வருமானத்திலும் சொத்திலும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். மாதத் தொகை மட்டும் கேட்டால், "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே" என்று மனுவே தள்ளுபடி ஆகலாம். இவர்கள் கேட்க வேண்டியது பணம் அல்ல, பாதுகாப்பு. மாவட்டத்தில் உள்ள முதியோரின் உயிரும் உடைமையும் பாதுகாப்பாக இருப்பதையும் அவர்கள் மானத்தோடு வாழ்வதையும் உறுதிசெய்வது மாவட்ட ஆட்சியரின் கடமை என்று தமிழ்நாடு 2009-இல் வகுத்த விதிகள் சொல்கின்றன. மனுவில் அந்தக் கடமையையும், 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

விசாரணையில்

மகனுக்கு நோட்டீஸ் போகும். அவனும் வந்து தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். அவனைக் கேட்காமல் போட்ட உத்தரவு உயர் நீதிமன்றத்தில் நிற்காது. மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து மேலும் மாதங்கள் கரையும். எனவே மகன் நோட்டீசை வாங்கினான், அல்லது வாங்க மறுத்தான் என்பது கோப்பில் பதிவாவது பெற்றோருக்கே நல்லது.

தீர்ப்பாயம் முதலில் சமரசத்துக்கு அனுப்பலாம். பல குடும்பங்கள் வழுக்குகிற இடம் இது. மகன் அழுவான், காலில் விழுவான். "இனிமே குடிக்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பான். அம்மா உடனே மனுவைத் திரும்ப வாங்கிவிடுவார். மன்னிப்பது பெற்றோரின் உரிமை, அதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் மனுவைத் திரும்பப் பெறுவதைவிட, அவன் ஒப்புக்கொண்டதை உத்தரவாகவே பதிவுசெய்யக் கேட்பது பாதுகாப்பு. அதை மீறினால், அந்த மீறலே அடுத்த மனுவுக்கு வலுவான ஆதாரம். சுல்தான்பூர் வழக்கில் பெற்றோர் பக்கம் இல்லாமல் போனது அதுதான்.

கோட்டாட்சியர் கேட்கும் கேள்வியும் இதைச் சுற்றியே இருக்கும்.

"மாடியில தனியா இருக்கச் சொல்லிடலாமா, ஐயா? கீழே வரக் கூடாதுன்னு உத்தரவு போடுறேன்."

இதற்கு "அவன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மாடிக்குப் போகும் படி வீட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது, ஏற்கெனவே ஒருமுறை மாடியில் தனியாக வைத்துப் பார்த்தோம், இன்ன தேதியில் கதவை உடைத்துக் கீழே வந்தான் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வேறு வழிகளைப் பார்த்தாயிற்று, எதுவும் பலிக்கவில்லை என்பது உத்தரவில் ஏறினால், அந்த உத்தரவை மேலே அசைப்பது கடினம்.

கோட்டாட்சியர் மறுத்தால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். மகனுக்கு எதிராக உத்தரவு வந்தால் அவன் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது வழக்கம். தடையாணை இல்லாதவரை உத்தரவு உயிரோடுதான் இருக்கிறது. அதன் நகலோடு காவல் நிலையத்துக்குப் போய் அமலாக்கம் கேட்கலாம். உத்தரவு வரும்வரை தாங்களாகவே பூட்டை மாற்றி, சாமான்களைத் தெருவில் வைப்பது மட்டும் வேண்டாம். கொடுமைக்கு ஆளானவர்கள் என்ற நிலையிலிருந்து ஒரே நாளில் எதிரிகள் என்ற நிலைக்கு அது இறக்கிவிடும்.

மருமகள் இருந்தால்

நம் கற்பனைக் குடும்பத்தின் மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் கணக்கு மாறும். 2020-ஆம் ஆண்டு பெங்களூரு வழக்கின் மையமே அதுதான். வெளியேற்றத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொன்ன அதே தீர்ப்பு, அந்த வழக்கில் மருமகளை வெளியேற்றும் உத்தரவை ரத்து செய்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், கணவனோடு வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. வீடு மாமியார், மாமனார் பெயரில் இருந்தாலும் அந்த உரிமை எழலாம். முதியோர் சட்டத்தை வைத்து அதை ஒரேயடியாக மிதித்துவிட முடியாது. கணவன் மனைவி சண்டையில் மகனுக்கு உதவ, மருமகளை வெளியே தள்ளும் கருவியாகப் பெற்றோர் இந்தச் சட்டத்தை எடுத்தால், நீதிமன்றம் அதைக் கண்டுபிடித்துவிடும். மகனிடம் அடி வாங்கும் மருமகளும் அந்த வீட்டில் இருந்தால், மகனை மட்டும் வெளியேற்றக் கேட்பதே முறை.

அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மாமியாருக்கும் உதவும் என்பது பலருக்குத் தெரியாது. கொடுமைப்படுத்தும் மகனுக்கு எதிராகத் தாயே அதன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரம் பிரிவு 19-இல் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை. வீடு யார் பெயரில் என்ற சிக்கல் உள்ள குடும்பங்களில், தாய் கொடுக்கும் இந்த மனு கோட்டாட்சியர் அலுவலகத்தைவிட நேர்வழியாக அமையலாம்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டால்

இந்த விஷயத்தில் நம் ஊரில் மிக அதிகமாகக் கைநழுவுவது செட்டில்மென்ட் பத்திரத்தில்தான். "எங்களுக்கு அப்புறம் உனக்குத்தானே" என்று மகன் பெயரில் வீட்டை எழுதிவிடுகிறார்கள். பத்திரம் பதிவான நாளிலிருந்து உரிமையாளர் அவன். வெளியேற்றம் கேட்கும் முன் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய வேண்டும். பிரிவு 23 அதற்கு வழி தருகிறது, ஆனால் பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்தோம் என்று காட்ட வேண்டும். அந்த நிபந்தனை நிரூபணமாகவில்லை என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் மனுவை ஏற்கவில்லை. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதியதிலேயே அந்த நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இலும் 2025-இலும் பெற்றோருக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தாயின் வழக்கில் இந்தப் பிரிவைத் தாராளமாகப் படித்து, வீட்டை அவர் கையில் திரும்ப ஒப்படைக்க உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. இருந்தாலும், கைவிட்டதைத் தேடிப் போவதைவிடக் கைவிடாமல் இருப்பது எளிது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உணவு, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றைக் கவனிக்கத் தவறினால் பத்திரம் செல்லாது என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

உத்தரவுக்குப் பிறகு

வெளியேற்றும் உத்தரவு மகனை வீட்டிலிருந்து பிரிக்கிறது. வாரிசு என்ற நிலையிலிருந்து பிரிப்பதில்லை. பெற்றோர் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மற்றப் பிள்ளைகளோடு அவனுக்கும் சம பங்கு போகும். அது வேண்டாம் என்று நினைப்பவர்கள் உயில் எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். வேண்டும் என்று நினைப்பவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மனு கொடுக்கத் தயங்கும் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அவன் எங்க போவான்?" 38 வயது மகன் வாடகைக்கு ஓர் அறை பார்த்துக்கொள்ள முடியும். 71 வயதுத் தந்தையும் 66 வயதுத் தாயும் தங்கள் வீட்டைவிட்டு எங்கே போவார்கள் என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. அவன் திருந்தி, குடியை விட்டுப் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போவதை இந்த உத்தரவு தடுப்பதில்லை. அவர்கள் சம்மதித்தால் மறுபடி சேர்ந்தும் வாழலாம். அப்போது அது அவர்கள் எடுத்த முடிவாக இருக்கும்.